ஒட்டாத கோடும் ஒரு மதிப்பெண்ணும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

போன வாரம், பதினோராம் வகுப்பு படிக்கும் என் பேத்தி தன் விடைத்தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். மைட்டோகாண்ட்ரியாவின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொன்ன கேள்வி. வெளிச்சவ்வு, உட்சவ்வு, கிரிஸ்டே, மேட்ரிக்ஸ், ஆக்ஸிசோம் என்று ஐந்து பெயர்களும் சரியாக இருந்தன. ஆனாலும் ஒரு மதிப்பெண் போயிருந்தது. உட்சவ்வை முட்டை வடிவத்தில் வழுவழுவென்று வரைந்துவிட்டு, அதற்குள்ளே கிரிஸ்டேயைத் தனித்தனிக் குச்சிகளாகப் போட்டிருந்தாள். திருத்தியவர் அந்தக் குச்சிகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்.

"ஆச்சி, பேரெல்லாம் சரியாத்தானே எழுதியிருக்கேன்? இந்தக் கோடு ஒட்டினா என்ன, ஒட்டாட்டி என்ன?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. பல வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன் இதே கேள்வியைக் கேட்டான். "புத்தகத்துல எப்படி இருக்கோ அப்படியே போடு" என்று சொல்லி உட்காரவைத்தேன். அவன் மதிப்பெண்ணையும் குறைத்தேன். அவன் பெயரை இங்கே எழுதவில்லை, வாசித்தால் அவனுக்கே தெரியும். அன்று சொல்லாத பதிலை இன்று இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

அந்தப் படத்தை ஓர் அணை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அணையில் தண்ணீரை உயரத்தில் தேக்குகிறோம். அது ஒரே வழியாகக் கீழே பாயும்போது டர்பைன் சுழல்கிறது, மின்சாரம் வருகிறது. மைட்டோகாண்ட்ரியாவில் தேக்கப்படுவது புரோட்டான், அதாவது ஹைட்ரஜன் அயனி. உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் உட்சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள் வழியாகக் கைமாறிக்கொண்டே போய்க் கடைசியில் ஆக்ஸிஜனைச் சேர்கின்றன. அந்தப் பயணத்தில் வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு அந்தப் புரதங்கள் மேட்ரிக்ஸில் இருக்கும் புரோட்டான்களை உட்சவ்வுக்கு வெளியே தள்ளுகின்றன. வெளியே குவிந்த புரோட்டான்கள் உள்ளே திரும்பப் பார்க்கும். ஆனால் உட்சவ்வு அவற்றைச் சும்மா விடாது. அவற்றுக்கு இருக்கும் முக்கியமான வழி, நாம் ஆக்ஸிசோம் என்று குறிக்கும் ஏடிபி சிந்தேஸ். அது நிஜமாகவே சுழலும் ஒரு குட்டி டர்பைன். விலங்குகளின் மைட்டோகாண்ட்ரியாவில் 8 புரோட்டான்கள் அதன் வழியே இறங்கினால் அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். ஒரு சுற்றுக்கு 3 ஏடிபி உருவாகும். இந்தத் தேக்கக் கருத்தை 1961இல் பீட்டர் மிட்செல் என்ற ஆங்கிலேயர் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978இல் அதற்காகவே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது படத்துக்கு வருவோம். பிள்ளைகள் பலர் வெளிச்சவ்வைத்தான் அணைச் சுவர் என்று நினைக்கிறார்கள். அது சல்லடை மாதிரி. அதில் இருக்கும் துளைகள் வழியாகச் சிறிய மூலக்கூறுகள் எளிதாகப் போய்வரும். உண்மையான சுவர் உட்சவ்வுதான். புரோட்டானைத் தள்ளும் புரதங்களும் டர்பைன்களும் அந்தச் சுவரிலேயே பதிந்திருக்கின்றன. சுவர் நீளமாக இருந்தால் அவற்றுக்கு இடமும் அதிகம். ஆனால் மைட்டோகாண்ட்ரியாவோ கண்ணுக்கே தெரியாத சின்னப் பை. அதற்குள் நீளமான சுவரை அடக்க வேண்டுமென்றால் மடித்துத்தான் வைக்க வேண்டும். அந்த மடிப்புகளே கிரிஸ்டே. நம் கல்லீரல் செல்லில் உட்சவ்வின் பரப்பு வெளிச்சவ்வைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஓயாமல் துடிக்கும் இதயத் தசையில் மடிப்புகள் கல்லீரலில் இருப்பதைவிடவும் நெருக்கமாக இருக்கும்.

ஆக, கிரிஸ்டே என்பது தனிப் பொருள் இல்லை. அது உட்சவ்வேதான். பேத்தி வரைந்த குச்சியில் தள்ளுவதற்கு 'வெளியே' என்று ஒரு பக்கமே கிடையாது. அதன் இரண்டு பக்கமும் மேட்ரிக்ஸ்தான். அணைக்கட்டுக்குச் சுவர் கட்டச் சொன்னால், ஏரிக்கு நடுவே ஒரு கல்லை நட்டுவைத்த கதை. இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் தண்ணீர் நின்றால் டர்பைன் எப்படிச் சுழலும்?

சுவர் ஒழுகினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1930களில் அமெரிக்காவில் உடல் எடை குறைக்க டைநைட்ரோபீனால் என்ற மருந்தைச் சாப்பிட்டார்கள். அது புரோட்டான்களைத் தூக்கிக்கொண்டு உட்சவ்வைக் கடந்துவிடும், டர்பைன் பக்கமே போகாது. உணவு எரிந்தது, ஆக்ஸிஜன் செலவானது, எடையும் குறைந்தது. ஆனால் ஏடிபியாக வேண்டிய ஆற்றல் வெறும் சூடாகப் போனது. உடல் கொதித்துச் சிலர் இறந்தே போனார்கள். சிலருக்குக் கண்புரை வந்தது. 1938இல் அங்கே அதை மருந்தாக விற்பது நின்றது. இதே ஒழுகலை நம் உடல் நல்லதற்கும் பயன்படுத்துகிறது. பச்சிளம் குழந்தையின் பழுப்புக் கொழுப்பில், புரோட்டானை வேண்டுமென்றே ஒழுகவிடும் ஒரு புரதம் உண்டு. அந்தச் சூடுதான் குளிரில் குழந்தையைக் காக்கிறது.

படம் சரியா என்று பார்க்கப் பேத்திக்கு ஒரு பென்சில் சோதனை சொல்லிக்கொடுத்தேன். பென்சில் முனையை இரண்டு சவ்வுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் வை. எந்தக் கோட்டையும் தாண்டாமல் ஒவ்வொரு மடிப்பின் உள்ளேயும் போய்வர முடிய வேண்டும். அடுத்து முனையை மேட்ரிக்ஸில் வை. கோட்டைத் தாண்டாமல் மடிப்புகளுக்கு இடையே எல்லா இடத்துக்கும் போக முடிய வேண்டும், ஆனால் இடைவெளிக்குள் நுழைய முடியக்கூடாது. கடைசியாக ஆக்ஸிசோமின் உருண்டைத் தலைகள் மேட்ரிக்ஸைப் பார்த்திருக்கின்றனவா என்று பார். ஏடிபி உருவாவது அந்தப் பக்கத்தில்தான். இந்த மூன்றும் சரியென்றால் அந்தப் படம் வேலை செய்யும்.

பேத்தி சும்மா விடவில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த ஒரு படத்தைத் தேடிப்பிடித்து, "ஆச்சி, இதுல சில கிரிஸ்டே ஒட்டாமத்தானே மிதக்குது?" என்றாள். நல்ல கேள்வி. அந்தப் படம் மிக மெல்லிய ஒரு சீவல். மடிப்பு உட்சவ்வோடு சேரும் கழுத்து மிகவும் குறுகலானது. சீவல் அந்தக் கழுத்து வழியாகப் போகாவிட்டால் மடிப்பு தனியாக மிதப்பது போலத் தெரியும். அடுத்தடுத்த சீவல்களைச் சேர்த்துப் பார்த்தால் இணைப்பு தெரிந்துவிடும்.

அன்று மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த தம்பி, நீ வரைந்த படம் தப்புத்தான். அந்த ஒரு மதிப்பெண்ணைத் திருப்பித் தர முடியாது. ஆனால் உன் கேள்வி சரியான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் உன்னை உட்காரவைத்தது என் தப்பு. உன் பிள்ளைகள் இப்போது இந்தப் பாடத்துக்கு வந்திருப்பார்கள். அவர்கள் நோட்டை வாங்கிப் பென்சிலை ஓட்டிப் பார்.