புத்தகத்துக்கு மிஞ்சுவது

கல்லூரி நூலகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்றால், "நல்ல வேலை சார், நிறையப் படித்திருப்பீர்கள்" என்பார்கள். படித்ததை விடக் கணக்குப் போட்டதுதான் அதிகம். அதில் 2013-ஆம் ஆண்டுக் கணக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கிறது.

எங்களுடையது அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி. அந்த ஆண்டு ஒதுக்கீடு ஆறு லட்சம். புத்தகத்துக்கு 2,60,000, வெளிநாட்டு ஜர்னல்களுக்கு 2,00,000, உள்நாட்டு ஜர்னல், பத்திரிகைகளுக்கு 60,000, இணையவழிச் சந்தாக்களுக்கு 80,000 என்று ஏப்ரலில் நூலகக் குழு பிரித்தது. காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது.

இந்த நான்கும் ஒரே மாதிரியான பணம் அல்ல. எங்கள் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கும். ஜர்னலுக்கோ ஜனவரியில்தான் ஆண்டு பிறக்கும். அதனால் அக்டோபர், நவம்பரிலேயே அடுத்த ஆண்டுச் சந்தாவை முழுவதுமாக முன்பணமாகக் கட்டியாக வேண்டும். விலையை டாலரில் பதிப்பகம் சொல்லும், நாம் அன்றைய மாற்று விகிதத்தில் கொடுப்போம். அந்த ஆகஸ்டில் ரூபாய் விழுந்த விழுச்சி உங்களுக்கு நினைவிருக்கலாம். ஒரு டாலர் 68 ரூபாயைத் தொட்டு வந்தது. முந்தைய ஆண்டு 3,700 டாலரை 54 ரூபாய் கணக்கில் கட்டியிருந்தோம். பதிப்பகங்கள் வழக்கம்போல ஆறு சதவீதம் ஏற்றியதில் அது 3,922 டாலர் ஆனது. பில் வந்தபோது டாலர் 62. மொத்தம் 2,43,000 சொச்சம். ஒரு இதழ்கூடக் கூடவில்லை, செலவு மட்டும் 43,000 கூடிவிட்டது. இணையவழித் தரவுத்தளமும் தன் பங்குக்கு 8,000 ஏற்றியது.

இந்த 51,000 எங்கிருந்து வரும்? புத்தகத்திலிருந்துதான். சந்தா நின்றால் துறைத்தலைவர் மறுநாளே வந்து நிற்பார். வாங்காத புத்தகத்துக்காகச் சண்டை போட யாரும் வரமாட்டார்கள். அப்படி ஒன்று உண்டு என்றே மாணவனுக்குத் தெரியாதே! பாடப்புத்தகம் ஒன்று சராசரி 400 ரூபாய் என்றால் 125 பிரதிகளுக்கு மேல் போயிற்று. இதன் விளைவு இரண்டு மூன்று ஆண்டு கழித்துத்தான் தெரியும். பாடத்திட்டம் மாறியிருக்கும், அலமாரியில் பழைய பதிப்பே இருக்கும். முன்பதிவுச் சீட்டுகள் ஒரே புத்தகத்தின் மேல் குவியும். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேருக்குச் சொந்தமாகப் பாடப்புத்தகம் வாங்க வசதி கிடையாது.

ஜர்னல்களை யார் எடுக்கிறார்கள் என்று பார்க்க எங்களிடம் ஒரு எளிய வழி இருந்தது. படித்ததைத் திரும்ப அலமாரியில் வைக்காதீர்கள், மேசையிலேயே விட்டுவிடுங்கள் என்று எழுதி ஒட்டியிருந்தோம். மாலையில் உதவியாளர் எடுத்து வைக்கும்போது நோட்டில் ஒரு கோடு போடுவார். 780 டாலர் வேதியியல் ஜர்னல் ஒன்றுக்கு ஓராண்டில் ஆறு கோடுகள். நம் பணத்தில் 48,000. ஒரு தடவை எடுத்துப் படிக்க 8,000 ரூபாய்!

அதை நிறுத்தலாம் என்று குழுவில் சொன்னேன். வேதியியல் பேராசிரியை அமைதியாகத்தான் கேட்டார்: "சார், அந்த ஆறுல நாலு என் ஆராய்ச்சி மாணவி எடுத்தது. அவ எங்க போவா?" நியாயமான கேள்வி. எண்ணிக்கை குறைவு என்பதாலேயே தேவை குறைவு என்று ஆகிவிடாது.

இணையத் தரவுத்தளத்தின் கதை வேறு. ஆண்டுக்கு 1,900 கட்டுரைகள் இறக்கப்பட்டதாக நிறுவனம் அறிக்கை கொடுத்தது. நோட்டுக் கோடுகளுக்குப் பக்கத்தில் வைத்தால் பிரமாதம். மாதவாரியாகக் கேட்டு வாங்கினேன். 1,500 ஒரே மாதத்தில்! நிறுவனத்தின் ஆள் கணினிக் கூடத்தில் மாணவர்களை உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்த மாதம் அது. மொத்தக் கணக்கை மட்டும் காட்டினால், மாதக்கணக்கைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்பது என் கருத்து. இன்னொன்றும் உண்டு. அச்சு ஜர்னலை நிறுத்தினால் பழைய தொகுதிகள் அலமாரியில் இருக்கும். இந்த மாதிரிச் சந்தா வாடகை வீடு போல. நிறுத்திய அன்றே பத்து ஆண்டு கட்டிய பணத்துக்கும் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஒப்பந்தத்தில் பழையவற்றை நிரந்தரமாகப் பார்க்கும் உரிமை எழுதியிருந்தால் மட்டுமே விதிவிலக்கு. எங்களுடையதில் இல்லை.

கடைசியில் அந்த 48,000 ரூபாய் ஜர்னல் நின்றது. பணம் புத்தகத்துக்குத் திரும்பியது. இன்ஃப்லிப்நெட்டின் என்-லிஸ்ட் திட்டத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கு ஆயிரக்கணக்கான இதழ்கள் கிடைத்தன. எங்களுக்கு வேண்டிய அந்த ஒன்று மட்டும் அதில் இல்லை. மாணவிக்குத் தேவையான கட்டுரைகளை டெல்நெட் மூலமாகவும், தெரிந்த பல்கலைக்கழக நூலகர்கள் மூலமாகவும் வரவழைத்துத் தந்தேன். பேராசிரியை சில மாதங்கள் என்னுடன் வேலைக்கு வேண்டியது மட்டுமே பேசினார். தரவுத்தளத்தை அடுத்த ஆண்டு புதுப்பிக்கவில்லை. அதற்காக ஒருவரும் வந்து கேட்கவில்லை.

அந்த மாணவி அவ்வாண்டு கேட்டது பதினோரு கட்டுரைகள். ஒன்பது வந்தன, ஒவ்வொன்றும் ஒரு வாரம் பத்து நாளில். இரண்டு கடைசி வரை வரவில்லை.