ஒரே நாளில் எழுந்த அலை

2021 அக்டோபர் இறுதியில், கேரளத்தின் கொரோனா மரண வரைபடம் திடீரென மேலே ஏறியது. வாளையாறு, குமுளி வழியாக இரு மாநிலங்களுக்கும் போய்வரும் எல்லையோர மக்களுக்கு அந்த ஏற்றம் அச்சம் தரக்கூடியது. ஆனால் புதிய தொற்றுகளோ செப்டம்பரிலிருந்தே குறைந்துவந்தன. மாறியது நோயன்று, 'கொரோனா மரணம்' என்பதன் வரையறை.

உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 30இல் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, செப்டம்பரில் மத்திய அரசு புதிய வழிகாட்டுதலை வெளியிட்டது. தொற்று உறுதியான 30 நாள்களுக்குள் நேர்ந்த மரணம், மருத்துவமனைக்கு வெளியே நேர்ந்திருந்தாலும் கொரோனா மரணமாகக் கொள்ளப்பட்டது. விடுபட்ட குடும்பங்கள் மேல்முறையீடு செய்ய முடிந்தது. 50,000 ரூபாய் உதவித்தொகை இந்தப் பட்டியலைப் பொறுத்தே கிடைத்தது என்பதால், பழைய வரையறையையே பிடித்துக்கொண்டிருப்பது நியாயமாக இருந்திருக்காது.

கேரளத்தின் அன்றாட அறிக்கை இம்மாற்றத்தை மறைக்கவில்லை. அண்மைய மரணங்கள், ஆவணமின்மையால் முன்பு உறுதிசெய்யப்படாதவை, மேல்முறையீட்டால் சேர்ந்தவை என மூன்றையும் பிரித்தே கூறியது. சிக்கல் அடுத்த படியில் எழுந்தது. தானாகப் புதுப்பிக்கப்படும் டாஷ்போர்டு பெரும்பாலும் மொத்த எண்ணை மட்டுமே எடுத்து, அதிலிருந்து நேற்றைய மொத்தத்தைக் கழித்து, விடையை 'இன்றைய மரணம்' எனக் காட்டும். எடுத்துக்காட்டாக, அண்மையவை 60, ஆவணம் கிடைத்தவை 100, மேல்முறையீட்டில் சேர்ந்தவை 200 எனக் கொள்வோம். திரையில் 360 என்று தோன்றும். மே மாதத்தில் இறந்தவர் அக்டோபரில் இறந்தவராகிவிடுவார். பிழைச் செய்தி எதுவும் வராது. தொற்று உயராமல் மரணம் மட்டும் ஒரே நாளில் தாவுவதுதான் பிழையைக் காட்டும் அடையாளம்.

இதற்குத் தீர்வு, ஒவ்வொரு பதிவிலும் இறந்த நாள், பட்டியலில் சேர்ந்த நாள், எந்த வரையறையின்படி சேர்ந்தது என்னும் மூன்றையும் தனித்தனியே வைப்பதே. பழைய வரையறைப்படியான தொடரை அழிக்காமல் அப்படியே நிறுத்திவைக்க வேண்டும். புதிய வரையறைப்படியான தொடரை, இறந்த நாளின் அடிப்படையில் தொடக்கத்திலிருந்தே மீண்டும் கணக்கிட வேண்டும். சில மாதங்களுக்கேனும் இரண்டையும் அருகருகே வரைந்தால், வேறுபாட்டில் எவ்வளவு வரையறையால் வந்தது என்பது தெரியும். மாற்றம் நேர்ந்த நாளில் ஒரு செங்குத்துக் கோடும், அதனடியில் ஒற்றை வரி விளக்கமும் போதும்.

இதற்கும் எல்லை உண்டு. விடுபட்ட மரணங்களில், குடும்பத்தினர் மேல்முறையீடு செய்தவையே புதிய தொடரில் சேரும். விண்ணப்பிக்காத குடும்பங்கள் வெளியே நிற்கும். விண்ணப்பங்கள் வந்துகொண்டிருக்கும்வரை பழைய மாதங்களின் எண்ணும் மாறும். எனவே கேரளத்தின் திருத்திய தொடரை வேறொரு மாநிலத்தின் திருத்தாத தொடரோடு ஒப்பிட்டால், தன் கணக்கைத் திருத்திக்கொண்ட மாநிலமே மோசமானதாகத் தோன்றும்.