குழாயின் உட்புறம்

தாதர், மும்பை
புதன்கிழமை இரவு

அன்பார்ந்த நண்பருக்கு,

சென்னையில் ரயிலேறும்போது தாங்கள் என் சட்டைப்பையில் திணித்த காகிதத்தைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டும்; ஆயினும் அதைப் பற்றி எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயம் எவ்வாறு உருவாயிற்று என்பதைத் தாங்கள் அறிந்தால்தான் நான் சொல்லப்போவது தங்களுக்கு நம்பத்தக்கதாக இருக்கும் என்பதால், இந்த மூன்று தினங்களின் விருத்தாந்தத்தை வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

ராய்ச்சூர் தாண்டிக் கரிசல் நிலத்தினூடே வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது, எங்கள் பெட்டியிலேயே நான் அழைத்துச் சென்ற என் தங்கை மகனைப் போன்ற நான்கு பையன்கள் இருப்பது தெரியவந்தது. ஒவ்வொருவன் பையிலும், கைலியில் சுற்றப்பட்ட ஒரு வெல்டிங் ஹெல்மெட் இருந்தது. அந்நிய இடத்து ஹெல்மெட்டின் கண்ணாடி கண்ணுக்குப் பழகாது என்பதால் தன்னுடையதையே சுமந்து செல்வது இத்தொழிலில் வழக்கம் என்பதைப் பாய்லர் பட்டறையில் முப்பது வருஷம் மேற்பார்வை செய்த நான் அறிவேனாகையால், எல்லோரும் போவது டிரேட் டெஸ்டுக்கே என்பதைக் கேட்காமலே புரிந்துகொண்டேன்.

சோதனைக்கூடம் கடற்கழிக்கு அப்பால், நவி மும்பையின் தொழிற்பேட்டை ஒன்றில் தகரக் கொட்டகையாக இருந்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சுமார் நாற்பது பேர் கூடியிருந்தோம். அபுதாபியிலுள்ள கம்பெனியின் பிரதிநிதி ஒருவர் நேரில் வந்திருந்தார்; தமக்கு எத்தனை பைப் வெல்டர்கள் தேவை, எந்த வேலைக்கு, எத்தனை மாதம் என்பதை அவரே சொன்னார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்களே வேண்டாத இடத்திலும், சோதனைக் கட்டணம் என்று தலைக்கு ஒரு தொகை வசூலித்து, பெயர்களை ஏட்டில் சேர்த்துவைப்பதற்கென்றே சோதனை நடத்தும் ஏஜென்சிகளும் உண்டு. ஆகவே சோதனை நடைபெறுகிறது என்பது மட்டும் ஒரு சான்று ஆகாது. யாருக்காக நடைபெறுகிறது, அவர் எங்கே என்பதே கேள்வி.

ஒவ்வொருவனுக்கும் ஆறு அங்குலக் குழாய்த் துண்டுகள் இரண்டு கொடுத்தார்கள். சுவரின் கனம் ஏறக்குறைய பதினொரு மில்லிமீட்டர். அவற்றின் விளிம்புகளைச் சரிவாகச் சீவி, நடுவே மூன்று மில்லிமீட்டர் அளவில் இடைவெளி விட்டு, டாக் வைத்து, நாற்பத்தைந்து டிகிரிச் சாய்வில் அசையாமல் நிறுத்தி, குழாயைத் திருப்பாமல் தான் சுற்றிச் சுற்றிப் பற்றவைக்க வேண்டும். இதைத்தான் ‘சிக்ஸ் ஜி’ என்கிறார்கள். முதல் சுற்றாகிய ரூட்டை ஆர்கானிலும், மேலுள்ள சுற்றுகளை ராடிலும் போடச் சொன்னார்கள். அண்ணாந்து போட வேண்டிய அடிப்பகுதியில், அதாவது கடிகாரத்தின் ஆறு மணி இடத்தில், உருகிய உலோகம் தன் கனத்தினால் வெல்டரை நோக்கியே தொங்கிவிடுவதால் குழாயின் உட்புறம் பள்ளமாகிவிடும். கை தளர்ந்து நிறுத்தி மறுபடி தொடங்கும் இடங்களிலோ பழைய உலோகமும் புதிய உலோகமும் ஒன்றாமல் போகும். தேர்ந்தவனுக்கும் தோல்வி நேருவது இவ்விரண்டு இடங்களில்தான்.

என் தங்கை மகனுக்கு அடுத்த கூண்டில் நின்ற பையனுடைய வேலையின் மேற்சுற்று, அலை அலையாக, கோலம் போட்டதுபோல் இருந்தது. எங்கள் பையனுடையது அவ்வளவு அழகில்லை. ஆனால் பிரதிநிதியாக வந்தவர் மேற்புறத்தை ஒரு கணமே பார்த்துவிட்டு, கைவிளக்கைக் குழாயின் வாயில் நீட்டி, உட்புறத்தையே வெகுநேரம் பார்த்தார். அடுத்த பையன் மறுபடி தொடங்கிய இடத்தை முன்னதாகக் கிரைண்டரால் சீவாமல் விட்டிருந்தான். அங்கே மயிரிழை போன்ற ஒரு கோடு தெரிந்தது. அவனை அப்போதே நிறுத்திவிட்டார்கள். எங்கள் பையன் நின்று நின்று, ஒவ்வொரு முனையையும் மெல்லியதாகச் சீவிய பிறகே தொடர்ந்திருந்தான். அவனுடைய குழாய் எக்ஸ்ரேக்குப் போயிற்று; செவ்வாய்க்கிழமை பகலில் தேறிவிட்டதாகச் சொன்னார்கள்.

அந்நியன் ஒருவனைத் தேர்ந்தெடுக்க இவ்வளவு பிரயாசை ஏன் என்று தாங்கள் கேட்கலாம். எண்ணெய் ஆலையில் ஒரு மூட்டு எக்ஸ்ரேயில் தோற்றால் அதை அறுத்து, மறுபடி சீவி, மறுபடி பற்றவைத்து, மறுபடி படம் எடுக்க வேண்டும். அதுவரையில் அடுத்த வேலை நிற்கும். விமானச்சீட்டும் விசாவும் கொடுத்து அழைத்துப் போனவனுக்குக் கை வராது என்று அங்கே போனபின் தெரியவருவது கம்பெனிக்குப் பெருத்த நஷ்டம். ஆகையால் பைப் வெல்டரைச் சோதியாமல் எடுத்துக்கொள்ளும் கம்பெனி, தயாள குணமுடையது என்று எண்ணுவதைக் காட்டிலும், அப்படி ஒரு கம்பெனியே இல்லை என்று எண்ணுவதே பொருத்தம்.

சோதனைக்குப் பின் நேர்காணல். பாட்டன் பெயர் முதல் கேட்கும் பேட்டியன்று, பத்தே நிமிஷம். மேற்சுற்றுகளுக்குப் பயன்படுத்திய 7018 ராடில் 70 என்பது என்ன என்றார் பிரதிநிதி. சதுர அங்குலத்துக்கு எழுபதாயிரம் பவுண்டு இழுவிசையைத் தாங்கும் என்று பையன் சொன்னான். மனப்பாடம் செய்தவனும் அதைச் சொல்லலாம் என்பதை அவர் அறிந்தவராதலால், ‘மழைநாளில் அதே ராடைத் திறந்தபடி வைத்திருந்தால் என்ன செய்வாய்?’ என்று தொடர்ந்தார். ஈரம் ஏறினால் வெல்டில் பொத்தல் விழும், ஹைட்ரஜன் புகுந்து பிறகு விரிசலும் காணும், ஆகவே சூட்டடுப்பில் வைத்து உலர்த்தாமல் தொட மாட்டேன் என்று இவன் சொன்னதும், அவர் தலையசைத்துக் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார்.

அதன் பிறகுதான் எங்கள் முறை. சம்பளம் எவ்வளவு என்றதற்கு ஏஜென்சி குமாஸ்தா ‘2,200 திர்ஹாம்’ என்றார். அதைப் பிரித்து எழுதித் தரும்படி நான் கேட்டுக்கொண்டேன். அடிப்படைச் சம்பளம் 1,500, சாப்பாட்டுப்படி 300, மீதி நாள்தோறும் இரண்டு மணி ஓவர்டைம் செய்தால் வருவது என்று தெரிந்தது. 1,500-ஐ முப்பது நாளாலும் எட்டு மணியாலும் வகுத்தால் மணிக்கு 6.25, அதன்மேல் கால் பங்கு கூட்டினால் ஏறக்குறைய 7.80, மாதம் 52 மணிக்கு 406 திர்ஹாம். கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் ஓவர்டைம் கொடுக்கப்படாத மாதத்தில் கைக்கு வருவது 1,800 தான் என்பதும், ஊர் திரும்பும்போது கிடைக்கும் பணிக்கொடை வருஷத்துக்கு இருபத்தொரு நாள் அடிப்படைச் சம்பளமாகிய 1,050 திர்ஹாம்தான் என்பதும் அப்போதுதான் பையனுக்கு விளங்கிற்று. மொத்தத்தை மட்டும் சொல்லி அடிப்படையைக் குறைத்து எழுதுவது சிலருடைய தந்திரம்.

இன்னொரு விஷயம் தங்களுக்கு வியப்பாக இருக்கும். ஐக்கிய அரபு எமிரேட்ஸ் சர்க்கார் 2016 முதல், வேலைக்கு வருகிறவன் தன் நாட்டை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே எமிரேட்ஸ் தொழில் அமைச்சகத்தின் படிவத்திலுள்ள வேலைப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும் என்றும், அப்பத்திரம் அரபியிலும் ஆங்கிலத்திலும் அவனுக்குத் தெரிந்த மூன்றாவது பாஷையிலும் இருக்க வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. அந்தப் பாஷைகளில் தமிழும் ஒன்று. பின்னால் எழுதப்படும் ஒப்பந்தம் இந்தப் பத்திரத்தில் சொன்னதைவிடக் குறைவாக இருத்தல் கூடாது. ஆகவே நாங்கள் தமிழ்ப் பிரதியைக் கேட்டோம்; வந்தபின் கையெழுத்து என்று சொல்லிப் பாஸ்போர்ட்டையும் கையிலேயே வைத்துக்கொண்டோம்.

இப்போது தங்கள் காகிதத்துக்கு வருகிறேன். தங்கள் குமாரனுக்கு வந்திருக்கும் நியமனக் கடிதத்தில் ‘வெல்டர்’ என்று மட்டும் இருக்கிறது. எந்த வகை வெல்டர் என்று இல்லை. சோதனை நடக்கவில்லை; தொலைபேசியில் சற்றுநேரப் பேச்சு மட்டும். சம்பளம் ஒரே தொகையாக இருக்கிறது. ‘முதலில் விசிட் விசாவில் போகட்டும், அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்று கும்பகோணத்து நபர் சொன்னதாகச் சொன்னீர்கள். இவ்வளவு இருந்தும் தாங்கள் நம்பியதற்குக் காரணம் கடிதத் தலைப்பில் அச்சிட்டிருந்த லைசென்ஸ் எண். emigrate.gov.in தளத்தில் பார்த்தபோது அது உண்மையான எண்ணாகவே, அமலில் உள்ளதாகவே இருந்தது என்றீர்கள். அது வாஸ்தவம், நானும் பார்த்தேன். ஆனால் அதே பட்டியலில் அந்த ஏஜென்சியின் விலாசமும் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன. அவை கடிதத்தில் உள்ளவை அல்ல. எண்ணைச் சரிபார்த்த தாங்கள் விலாசத்தை ஒப்பிடாமல் விட்டுவிட்டீர்கள்.

இன்று பிற்பகல் பட்டியலிலுள்ள விலாசத்துக்கே நடந்து போனேன். இரண்டாம் மாடியில் சிறிய அறை. லைசென்ஸை வாசலிலேயே மாட்டியிருந்தார்கள். கடிதத்தைக் கண்ட மேலாளர், அது தம்முடையதன்று என்றும், அந்தக் கம்பெனியிடமிருந்து ஆள் கோரும் பத்திரமோ, தம்மை அமர்த்திக்கொண்ட அதிகாரப் பத்திரமோ தமக்கு வந்ததேயில்லை என்றும், கும்பகோணத்தில் தமக்கு ஆள் எவரும் இல்லை என்றும் சொன்னார். பதிவு பெற்ற ஏஜென்ட் தனக்குக் கீழே பதிவில்லாத தரகரை வைத்துக்கொள்வதற்குச் சட்டத்தில் இடமில்லை. மேலும் அவர் வேலை தேடுகிறவனிடம் வாங்கத்தக்க சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், வரியோடு 35,400. அதற்கும் ரசீது உண்டு. தங்களிடம் கேட்டிருப்பது ஒன்றரை லட்சம்.

தங்கள் குமாரன் பத்தாவது தேறியவன் ஆதலால் அவனுக்குக் குடிபெயர்வு அனுமதி வாங்கவேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. அதை ஒரு வசதி என்றே நாம் எண்ணியிருந்தோம். படிக்காதவன் வளைகுடாவுக்குப் போகும்போது குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் அவனுடைய காகிதங்களைப் பார்த்துவிட்டு அனுப்புகிறது. படித்தவனுடைய காகிதத்தைப் பார்ப்பதற்கு அவனைத் தவிர ஒருவரும் இல்லை. மோசக்காரர்கள் இதை நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

ஆகவே வெள்ளிக்கிழமை கொடுப்பதாகச் சொன்ன இரண்டாம் தவணையைக் கொடுக்க வேண்டாம். முன்பு கொடுத்த இருபத்தைந்தாயிரத்துக்கு வங்கிச் சீட்டும், வந்த கடிதமும், தொலைபேசிச் செய்திகளும் அழியாமல் இருக்கட்டும். அவற்றோடு போலீஸிலும், சென்னையிலுள்ள பாதுகாவலர் அலுவலகத்திலும் எழுதிக் கொடுங்கள். பணம் திரும்பும் என்று நான் உறுதி கூற இயலாது. பாஸ்போர்ட்டை அந்த நபரிடம் கொடுத்திருந்தால் அதைப் பெறுவதே முதல் காரியம்.

தங்கள் குமாரன் மனம் உடைய வேண்டாம். அவன் கை எப்படி என்று எனக்குத் தெரியாது. இதுவரை ஒருவரும் பார்க்கவில்லை. ஞாயிறன்று நான் ஊர் சேர்ந்ததும் அவன் பற்றவைத்த குழாய்த் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். கைவிளக்கு என்னிடம் இருக்கிறது.

தங்கள் அன்புள்ள
நண்பன்