வேண்டாமென்று ஒதுக்கிய வட்டியும் வந்துசேர்ந்த கேள்வியும்



விருத்தாசலத்தில் பீங்கான் சூளையை நம்பி வாழும் குடும்பம் எங்களுடையது. ஃபியூஸ் கேரியர் முதலான மின்சாதனப் பீங்கான் பொருள்களைச் செய்து தருகிறோம். வட்டியைக் கையால் தொடுவதில்லை என்பது பாட்டனார் காலத்து வழக்கம். வங்கிச் சேமிப்புக் கணக்கில் ஏறும் வட்டியை ஆண்டுக்கொருமுறை கணக்கிட்டு, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவோம். ஆகவே, வருமானவரிப் படிவத்தில் அதைக் காட்டவேண்டும் என்ற எண்ணமே எங்களுக்கு எழுந்ததில்லை. நம்முடையதல்லாததை நம் வருமானமென்று எழுதுவானேன் என்றே நினைத்திருந்தோம்.

2024 மார்ச் மாதத்தில் அத்தாவின் கைப்பேசிக்கு வருமானவரித் துறையிலிருந்து ஒரு செய்தி வந்தது. 2022-23 நிதியாண்டில் வங்கி அறிவித்த வட்டிக்கும் அவர் தாக்கல் செய்த படிவத்துக்கும் வேறுபாடு உள்ளது என்றது அது. அந்த ஆண்டு பிப்ரவரி 26 அன்று நேரடி வரிகள் மத்திய வாரியம் வெளியிட்ட அறிவிப்பின் தொடர்ச்சி இது. 2021-22, 2022-23 ஆகிய இரண்டு நிதியாண்டுகளின் வட்டி, ஈவுத்தொகை வேறுபாடுகளை வரித்துறையின் இணையதளத்திலேயே பார்த்துப் பதில் தரலாம் என்றும், இது சட்டப்படியான நோட்டீஸ் அன்று என்றும் அதில் சொல்லியிருந்தார்கள். அத்தா அதையெல்லாம் படிக்கவில்லை. அவருக்கு அது நோட்டீஸ்தான். அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் இணையதளத்தில் நுழைந்து, Pending Actions வழியாக Compliance Portal சென்று, அங்கே e-Verification பகுதியைத் திறந்தோம். சேமிப்புக் கணக்கு வட்டி 6,340 ரூபாய். அது எங்களுக்குத் தெரிந்ததே. அதற்குக் கீழே வைப்புநிதி வட்டி 48,200 ரூபாய் என்று ஒரு வரியும், அதே 48,200 ரூபாய் மீண்டும் இன்னொரு வரியும் இருந்தன. ஆக மொத்தம் 1,02,740 ரூபாய். வைப்புநிதியே வைத்திராத வீட்டில் இது எங்கிருந்து வந்தது?

வங்கியில் விசாரித்தபோதுதான் விளங்கியது. அத்தாவும் அம்மாவும் ஹஜ்ஜுக்கென்று சேர்த்துவைத்த எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தொகை சேமிப்புக் கணக்கிலேயே கிடப்பதாக நினைத்திருந்தோம். அந்தக் கணக்கிலோ ஆட்டோ ஸ்வீப் வசதி இருந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கும் பணம் தானாகவே வைப்புநிதியாக மாறிவிடும். கணக்குத் தொடங்கியபோது போட்ட கையெழுத்துகளில் அதுவும் ஒன்று. பாஸ்புக்கின் நுணுக்கமான வரிகளை நாங்கள் வாசித்ததில்லை. இதில் வங்கியைக் குறைசொல்ல ஏதுமில்லை.

ஒரே வட்டி இருமுறை வந்ததன் காரணமும் எளியதே. சேமிப்புக் கணக்கு வட்டிக்கு வங்கி வரி பிடிப்பதில்லை. வைப்புநிதி வட்டி அந்த ஆண்டு 40,000 ரூபாயைத் தாண்டினால் (மூத்த குடிமக்களுக்கு 50,000) நூற்றுக்குப் பத்து வீதம் பிடிக்கவேண்டும். வங்கி அவ்வாறு பிடித்து, பிடித்தம் பற்றிய அறிக்கையில் 48,200 ரூபாயைக் காட்டியது. வட்டி வழங்கியதைத் தனியே தெரிவிக்கும் இன்னோர் அறிக்கையிலும் அதையே காட்டியது. இரண்டு தொகைகளும் ரூபாய் பிசகாமல் ஒத்திருப்பது முதல் அடையாளம். ஆயினும் அதை மட்டும் நம்பாமல் வங்கியிடம் வட்டிச் சான்றிதழ் வாங்கிப் பார்த்தோம். ஆண்டு முழுமைக்கும் வைப்புநிதி வட்டி 48,200 ரூபாய்தான். உண்மையான மொத்தம் 54,540.

தெரிந்தவர் ஒருவர், "மூன்று வரிகளுக்கும் 'Information is denied' என்று கொடுத்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது" என்றார். அது பொய். தவிர, மறுத்தால் தகவல் தந்த வங்கியிடமே உறுதிப்படுத்தச் சொல்லிக் கேட்பார்கள். நாங்கள் இரண்டு வரிகளுக்கு 'Information is correct' என்றும், திரும்ப வந்த வரிக்கு 'Information is duplicate / included in other information' என்றும் பதிலிட்டோம்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் தவறு. அந்தப் பதில் தகவலைத்தான் சரிசெய்யும், தாக்கல் செய்த படிவத்தைத் திருத்தாது. அதைத் திருத்தும் கடைசி நாள் 2023 டிசம்பர் 31, அதுவும் கடந்துவிட்டது. எஞ்சியிருந்தது புதுப்பித்த படிவம் ஒன்றுதான். அதற்குக் கூடுதலாக வரி கட்டவேண்டும். ஏற்கெனவே வட்டியை வேறு தலைப்பில் 'இதரவை' என்று காட்டியிருப்பவர்கள் இதற்கெல்லாம் பதில் தரவே தேவையில்லை என்று வாரியம் சொல்லியிருந்தது. நாங்கள் எங்கும் காட்டியிருக்கவில்லை.

பழைய படிவத்தை எடுத்து வரிவரியாகப் பார்த்தபோதுதான் எங்கள் தலை குனிந்தது. வட்டி வருமானம் என்ற இடத்தில் பூஜ்யம். ஆனால் 'பிடித்த வரி' என்ற இடத்தில் 4,820 ரூபாய். இணையதளம் தானாக நிரப்பித் தந்ததைக் கணக்கெழுதுபவர் அப்படியே விட்டிருக்கிறார். சூளை வருமானத்துக்கு நாங்கள் கட்டவேண்டிய வரியிலிருந்து அந்த 4,820 கழிந்திருக்கிறது. அந்தப் பணம் எது? வட்டியிலிருந்து வங்கி பிடித்த பணம். வட்டியை வேண்டாமென்று சொல்லிக்கொண்டே, வட்டிப் பணத்தால் எங்கள் கடனை அடைத்திருக்கிறோம். வருமானம் காட்டாமல் அதன்மேல் பிடித்த வரியை மட்டும் கோரியிருப்பது கணினியின் கண்ணுக்கு உடனே தெரியும். எங்கள் கண்ணுக்கோ ஓராண்டாகத் தெரியவில்லை.

அத்தா பள்ளிவாசல் ஆலிமிடம் சென்று கேட்டார். வட்டிக்கான வரியை வட்டிப் பணத்திலிருந்தே கட்டலாமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்றார் அவர். பேணுதலாக இருக்க விரும்பினால் உங்கள் கைப்பணத்திலிருந்து கட்டுங்கள், அந்த 4,820 ரூபாயையும் வட்டியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள் என்றார். சட்டத்தின் பார்வை வேறு. வட்டி கணக்கில் ஏறிய கணமே அது வருமானம். பிறகு அதை யாருக்குக் கொடுத்தோம் என்பது வரியைக் குறைக்காது.

கணக்கு இவ்வாறு அமைந்தது. அத்தா பழைய வரிமுறையில் இருந்ததால் சேமிப்பு வட்டி 6,340 ரூபாய்க்கு 80டிடிஏ பிரிவின் கழிவு கிடைத்தது. அதன் உச்சவரம்பு 10,000 ரூபாய். எஞ்சிய 48,200 ரூபாய் அவருடைய 20 சதவீத அடுக்கில் விழுந்தது. வரி 9,640, அதன்மேல் 4 சதவீத மேல்வரி சேர்த்து ஏறத்தாழ 10,026 ரூபாய். பிடித்த வரியை முன்பே கழித்துவிட்டதால் மீண்டும் கழிக்க முடியாது. தாமதத்திற்கான தொகை, பிறகு இரண்டும் சேர்ந்த தொகையின்மேல் 25 சதவீதக் கூடுதல் வரி என்று ஏறத்தாழ 14,000 ரூபாய் கட்டினோம். ஓராண்டு மேலும் தள்ளியிருந்தால் அந்த 25 சதவீதம் 50 ஆகியிருக்கும். ஆட்டோ ஸ்வீப்பை நிறுத்தும்படி வங்கிக்கு எழுதிக்கொடுத்தோம்.

48,200, 6,340 ஆகிய இரண்டையும் கூட்டி, அந்த 4,820 தனியே நிற்கிறதா என்று அத்தா இருமுறை சரிபார்த்தார். வங்கி கணக்கில் வரவுவைத்தது வரி போக மிஞ்சியதைத்தான். முழுத்தொகையும் போகட்டும் என்று குறைந்த பணத்தைச் சூளைக் கல்லாவிலிருந்து எடுத்து வைத்தார். இப்போதெல்லாம் ஜூன் மாதத்தில் கணக்கெழுதுபவரிடம் போகுமுன், ஆண்டுத் தகவல் அறிக்கையை நாங்களே இறக்கிப் பார்க்கிறோம். அத்தா கேட்கும் முதல் கேள்வி, "பிடித்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது, காட்டு" என்பதுதான்.