இரண்டு மணி நேரக் கான்கிரீட்

தி.நகரின் குறுகிய தெரு ஒன்றில் கட்டிக்கொண்டிருந்த கட்டடம் அது. மனையின் பெரும்பகுதியை அஸ்திவாரத்துக்குத் தோண்டிவிட்டார்கள். மிச்சமிருந்த முன்பக்கத்தில் எம்-சாண்ட் குவியலும் பம்ப் வண்டியும். பொருள் எது வந்தாலும் தெருவில்தான் இறங்க வேண்டும். பகலில் கனரக வண்டிகளுக்குத் தடை என்பதால் எல்லாமே இரவில்தான் வரும்.

அந்தக் கட்டடத்தின் பில்டர்மீது தொடர்ந்த வழக்கில் நான் ரெடிமிக்ஸ் கம்பெனிக்காக ஆஜரானேன். ஆர்டர், மூன்று வண்டிக் கான்கிரீட். வண்டிக்கு 6 கன மீட்டர் வீதம் பிளாண்டில் 10.00, 10.30, 11.00 என்று ஏற்றுவது. சைட்டுக்கு நாற்பது நிமிட ஓட்டம். முதல் இரண்டும் ஊற்றி முடிந்து, இரண்டாவது வண்டி வெளியேறிய 11.35-க்குக் கம்பி லாரி வந்து கேட்டை மறித்து நின்றது. 12 மீட்டர் நீளக் கம்பிகள். ஆட்களே தோளில் சுமந்து இறக்கி முடிக்க 1.15 ஆனது. 11.40-க்கே வந்துவிட்ட மூன்றாவது வண்டி அதுவரை பின்னால் உருட்டிக்கொண்டே நின்றது.

ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும் என்பது ஐ.எஸ். 4926 தரவிதி, இறுகலைத் தாமதிக்கும் கலவை சேர்த்தால் கூடுதல் அவகாசம் உண்டு. இதில் அது இல்லை. சைட் இன்ஜினீயர் ஸ்லம்ப் கூம்பை நிரப்பித் தூக்கினார். கலவை சரியாமல் அப்படியே நின்றது. டிரைவர் கொஞ்சம் தண்ணீர் விடலாமா என்று கேட்டிருக்கிறார். வலு போய்விடும் என்று இன்ஜினீயர் மறுத்துத் திருப்பி அனுப்பினார். அவர் செய்தது சரி. குறுக்கு விசாரணையில் நான் அவரைச் சீண்டவே இல்லை.

பில்டர் தரப்பு வாதம் எளிமையானது: நேரம் தாண்டிய சரக்குக்கு விலை கிடையாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, கம்பி லாரி வேறொருவருடையது, அது எப்போது வந்தால் நாங்கள் என்ன செய்ய? ஆனால் இரண்டு ஆர்டரையும் கொடுத்தது பில்டர். கான்கிரீட்டுக்கு நிமிடக் கணக்கு போட்டவர், கம்பி ஆர்டரில் ‘இரவு’ என்று மட்டும் எழுதியிருந்தார். லாரியைத் தெருமுனையில் நிறுத்திவைக்கவும் அவருடைய ஆளால் முடியும், ஏனென்றால் கேட் அவர் கையில் இருந்தது.

எங்கள் வண்டி நேரத்துக்கு வந்து காத்து நின்றதை நிரூபித்தது வாட்ச்மேனின் வருகைப் பதிவேடுதான். சலானில் ஏற்றிய நேரம் அச்சாகியிருக்கும். வந்த நேரம் அந்தப் பெரியவரின் கோணல் கையெழுத்தில் இருந்தது. சரக்கைத் திருப்பியது நியாயமா என்பது ஒரு கேள்வி, நஷ்டம் யாருடையது என்பது வேறு கேள்வி என்று நீதிபதி பிரித்துப் பார்த்தார். ஒப்பந்தச் சட்டம் 53-வது பிரிவுப்படி, எதிராளியைச் செய்யவிடாமல் தடுத்தவரே இழப்பீடு தர வேண்டும். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது.

அந்த லோடின் விலையைக் கம்பெனி ஏற்கெனவே டிரைவர் சம்பளத்தில் பிடித்திருந்தது. அது இந்த வழக்கில் பிரச்சினையே அல்ல. அவர் கட்சிக்காரரும் அல்ல. பணம் வந்ததும் அவருக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று என் கட்சிக்காரரிடம் சொன்னேன். அவர் வேலையை விட்டுப் போய்விட்டாரே சார், என்றார்கள்.