கனெக்ட் கணக்குக் கொப்பி

2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடனட்டைச் சிட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மனைவி கேட்டாள்: "இஞ்சாருங்கோ, இதென்ன ஒரே பேரிலை இத்தனை வரி? பதினைஞ்சு டொலர், பதினைஞ்சு டொலர் எண்டு கிடக்கு."

எண்ணிப் பார்த்தால் ஒன்பது வரி. எல்லாம் நான் வாங்கிய கனெக்டுகள்.

ஊரில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியவன் நான். ஸ்காபரோவுக்கு வந்தபின் பகலில் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறேன். வேலை அனுமதிப்பத்திரம் கையில் இருந்ததால், இரவில் கணனியில் கணக்கு வேலை தேடலாமென்று அப்வேர்க் என்னும் இணையச் சந்தையில் பதிந்தேன். சிறு கடைக்காரர்கள் மாதக்கணக்கில் எழுதாமல் விட்ட வரவு செலவை வங்கிச் சிட்டையோடு ஒப்பிட்டுச் சரிசெய்வதுதான் நான் செய்யும் வேலை. அங்கே ஒவ்வொரு விளம்பரத்துக்கும் விண்ணப்பிக்கக் கனெக்ட் என்னும் வில்லை கொடுக்க வேண்டும். ஒன்றின் விலை 15 அமெரிக்கச் சதம். என்னுடைய தொழிலில் ஒரு விண்ணப்பத்துக்குச் சராசரி 14 கனெக்ட் போனது. இரண்டு டொலர் பத்துச் சதம்தானே என்று தோன்றும். அந்தத் "தானே"தான் என்னைக் கவிழ்த்தது.

"எத்தனை வேலை கிடைச்சது?" என்று கேட்டாள். இரண்டு. ஒன்று 60 டொலர், மற்றது 45. அப்போது நடைமுறையிலிருந்த பத்து வீதக் கட்டணம் போக 94 டொலர் 50 சதம் கைக்கு வந்தது. எட்டுக் கிழமையில் கனெக்டுக்குப் போனது 135 டொலர், வரி வேறு. அந்த மாதச் சீட்டுக் காசை அவள் தங்கையிடம் கைமாற்றாக வாங்கித்தான் கட்டியிருந்தாள். அது எனக்கு அன்றுதான் தெரியும்.

"சங்கத்திலை ஒரு சதம் பிழைச்சாலும் இரவிரவாய் இருந்து தேடுவியளாம். சொந்தக் காசுக்கு ஒரு கொப்பி இல்லையோ?" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

அன்று மத்தியானமே ஒரு பெரிய கொப்பியில் கோடு போட்டேன். பழைய விண்ணப்பங்கள் எல்லாம் கணக்கில் பதிவாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: அனுப்பிய திகதி, கொடுத்த கனெக்ட், நான் அனுப்பும்போது ஏற்கெனவே எத்தனை பேர் விண்ணப்பித்திருந்தார்கள், பதில் வந்ததா, வேலை கிடைத்ததா, கைக்கு வந்த காசு. மூன்றாவது விபரத்தை நான் குறித்து வைத்திருக்கவில்லை. ஆனால் அனுப்புமுன் விளம்பரங்களைப் படமெடுத்து வைக்கும் பழக்கம் இருந்ததால் தப்பினேன். விளம்பரத்தின் கீழே Proposals என்ற இடத்தில் Less than 5, 5 to 10, 20 to 50 என்று போட்டிருக்கும்.

மொத்தம் 54 விண்ணப்பம். பத்துப் பேருக்குள் இருந்தபோது அனுப்பியவை 17. அவற்றில் ஆறுக்குப் பதில் வந்தது, இரண்டு வேலையும் அங்கேதான். அதற்குப் பிந்தி அனுப்பிய 37இல் ஒரேயொரு பதில். வேலை பூச்சியம். வேலையால் திரும்பி, சாப்பிட்டு, இரவு பத்து மணிக்குக் காலை விளம்பரங்களுக்கு எழுதியிருக்கிறேன். அதற்குள் ஐம்பது பேர் வரிசையில். வேலை தருபவர் முதல் பத்துப் பேரைப் பார்த்ததுமே ஒருவரோடு பேசத் தொடங்கியிருப்பார். அந்த 37க்கு மட்டும் கிட்டத்தட்ட 78 டொலர்.

வரிசையில் முன்னுக்கு நிற்பதற்கென்று மேலதிகக் கனெக்ட் ஏலம் கேட்கும் முறையும் உண்டு. ஒன்பது தடவை கேட்டு 144 கனெக்ட் போட்டேன். அது பலன் தந்ததா என்று கொப்பியால் சொல்ல முடியவில்லை. எனக்கு நன்றாகப் பொருந்திய வேலைகளுக்குத்தான் ஏலம் கேட்டிருந்தேன். அவற்றுக்குப் பதில் வந்தால் ஏலத்தாலா, பொருத்தத்தாலா? தெரியாத செலவை நிறுத்தினேன்.

பிறகுதான் கிழமைக்கு எவ்வளவு என்ற கேள்வி. முந்தி அனுப்பிய 17க்கு இரண்டு வேலை. ஒரு வேலைக்கு எட்டு, ஒன்பது விண்ணப்பம், ஏறக்குறைய 18 டொலர். சராசரியாகக் கைக்கு வருவது 47. ஆகவே மிச்சம் 29. நாலு மணித்தியால வேலைக்கு அது பெரிய காசில்லை, ஆனால் நட்டமுமில்லை. விளம்பரத்தை வாசித்து அவருக்கென்றே ஒரு விண்ணப்பம் எழுத எனக்கு நாற்பது நிமிடம் வேண்டும். வேலைக்குப் போகும் ஒருவனால் கிழமைக்கு ஐந்துக்கு மேல் ஒழுங்காக எழுத முடியாது. ஐந்து தரம் பதினாலு, 70 கனெக்ட், 10 டொலர் 50 சதம். அதுதான் உச்ச எல்லை. சனி இரவு இருபது கனெக்ட் மிஞ்சினால் மிஞ்சட்டும். மிச்சத்தைத் தீர்க்கவென்று அனுப்பியவைதான் பழைய கொப்பியில் மிக மோசமான வரிகள்.

இங்கே ஒரு பிழை விளக்கத்தைச் சொல்ல வேண்டும். எட்டுக்கு ஒன்று என்றால் ஒவ்வொரு எட்டிலும் ஒன்று வரும் என்பதல்ல. அந்த வீதம் உண்மையாகவே இருந்தாலும், எட்டு அனுப்பி ஒன்றும் கிடைக்காமல் போவதற்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இருபதும் வெறுங்கையாகப் போவதற்கு நூற்றில் ஏழுதான். ஆகவே இருபது வரை பொறுப்பது, இருபதும் போனால் காசு போடுவதை நிறுத்தி விண்ணப்பத்தையும் கேட்கும் விலையையும் திருத்துவது என்று முதல் பக்கத்திலேயே எழுதி வைத்தேன். மூன்றாம் கிழமையிலிருந்து 16 விண்ணப்பம் தொடர்ந்து சும்மா போயின. மனைவி ஒன்றும் கேட்கவில்லை. கொப்பியைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைப்பாள். பதினேழாவதற்கு வேலை வந்தது.

வேலை வந்தால் அதை வந்த கிழமையில் எழுதாமல், விண்ணப்பம் அனுப்பிய வரியில் எழுதுகிறேன். ஒரு பதில் 23 நாள் கழித்து வந்தது. வந்த கிழமையில் போட்டிருந்தால் எந்தக் காசு எதை வென்றது என்று தெரிந்திராது. முப்பது நாள் வரை வரியைத் திறந்தே விடுகிறேன். அதேபோல, முதலில் 60 டொலர் தந்தவர் பிறகு மாதாமாதம் கணக்கு அனுப்பத் தொடங்கினார். பழைய ஆள் தரும் வேலைக்குக் கனெக்ட் தேவையில்லை. அந்தக் காசையும் அதே பழைய வரியிலேயே கூட்டுகிறேன். அந்த ஒரு வரி இப்போது 400 டொலரைத் தாண்டிவிட்டது.

புதிய ஒழுங்கில் முதல் 12 கிழமையில் 51 விண்ணப்பம் அனுப்பினேன். கனெக்டுக்கு 107 டொலர். ஐந்து புதிய வேலை, கட்டணம் போக 342. தொழிற்சாலையில் இடைவேளைக்கு விடும்போது தொலைபேசியில் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் இருந்தே எழுதத் தொடங்குவேன். கனெக்ட் வாங்கிய பற்றுச்சீட்டுகள் கொப்பியின் பின்னட்டைக்குள் இருக்கின்றன. சுயதொழில் வருமானத்தை வரிக்குக் காட்டும்போது இவற்றைச் செலவாகக் காட்டலாம்.

தங்கையின் கைமாற்று யூலையில் கொடுபட்டது. அந்த வரியை மனைவி தன் கையாலேயே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டாள்.