ஜனவரியில் வந்த மூன்று லட்சம்

சங்கரன்கோவிலில் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு செய்கிறார் என் பெரியம்மா மகள். ஒரு மாதம் இரண்டு லட்சம் வரும். அடுத்த மாதம் இருபதாயிரம்கூட வராது. “இதுல எப்படி முன்கூட்டியே வரி கட்ட?” என்பார்.

2025-26 நிதியாண்டில் ஒவ்வொரு தவணைக்கும் முன்பு, செலவு போக அதுவரை வந்ததோடு கையில் உறுதியாக இருந்த வேலைகளை மட்டும் கூட்டினோம். டிசம்பர் வரை ஆண்டுக் கணக்கு பத்து லட்சத்தைத் தாண்டவில்லை. புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரி இல்லாததால், அக்கா எதுவும் கட்டவில்லை.

ஜனவரியில் எதிர்பாராமல் மூன்று லட்ச ரூபாய் வேலை வந்தது. வருமானம் 13 லட்சம். செஸ் சேர்த்து வரி 78,000 ரூபாய். டி.டி.எஸ். 30,000 போக, பாக்கி 48,000. இந்தப் பாக்கி 10,000-க்குள் இருந்திருந்தால் முன்கூட்டிய வரியே கிடையாது.

சட்டம் இறுதி வருமானத்தை வைத்தே பழைய தவணைகளைப் பார்க்கிறது. பாக்கியில் ஜூன் 15-க்குள் 15%, செப்டம்பர் 15-க்குள் 45%, டிசம்பர் 15-க்குள் 75% கட்டியிருக்க வேண்டும். குறைந்த தொகைக்கு மாதம் 1% வீதம், தவணைக்கு மூன்று மாத வட்டி. அக்காவுக்கு 216, 648, 1,080. மொத்தம் 1,944 ரூபாய்.

“இவ்வளவுதானா?” என்றார் அக்கா. மார்ச் 15-க்குள் முழுப் பாக்கியையும் கட்டியதால்தான் அவ்வளவு. மார்ச்சைத் தவறவிட்டு ஏப்ரல் பிறந்தால், மாதாமாதம் வேறொரு வட்டி ஏறத் தொடங்கும்.